வயது 28, எஃப்.எஸ்.எச். ஒருமுறை 61, அடுத்த முறை 19: இது பி.ஓ.ஐ. தானா? மாத்திரை எத்தனை வருஷம்?

வெண்பனி

வணக்கம். போன வருஷம் வரை எனக்கு மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அப்புறம் 45 நாள், 70 நாள் என்று தள்ளிப்போய், கடைசியில் ஐந்து மாதம் வரவே இல்லை. நடு ராத்திரியில் திடீரென்று உடம்பெல்லாம் சூடாகி, கழுத்துப் பக்கம் துணி நனைகிற அளவுக்கு வியர்க்கிறது.

முதலில் பார்த்த மருத்துவர் புரொஜெஸ்ட்ரோன் மாத்திரை பத்து நாளைக்குக் கொடுத்தார். ஒரு முறை லேசாகக் கறைபட்டது, அடுத்த முறை அதுவும் இல்லை. இரண்டாவது மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதினார். கர்ப்பம் இல்லை, தைராய்டும் புரோலாக்டினும் சரி, ஆனால் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். 61, சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜனான ஈஸ்ட்ரடயால் 14. "சினைப்பை சீக்கிரமே ஓய்கிற மாதிரி தெரிகிறது, பி.ஓ.ஐ. ஆக இருக்கலாம், மறுபடி ஒருமுறை பார்த்துவிடலாம்" என்றார். மறு பரிசோதனைக்கு முந்தைய வாரம் மாத்திரை எதுவும் இல்லாமல் தானாகவே ரத்தப்போக்கு வந்துவிட்டது. அந்த முறை எஃப்.எஸ்.எச். 19, ஈஸ்ட்ரடயால் 210.

இப்போது முதல் மருத்துவர் "எல்லாம் சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போங்கள்" என்கிறார். இரண்டாமவர் ஈஸ்ட்ரடயால் 1 மி.கி. தினமும், புரொஜெஸ்ட்ரோன் மாதத்தில் 12 நாளும் சாப்பிடச் சொல்கிறார், அதுவும் 50 வயது வரை! வீட்டில் பெரியவர்கள் ஹார்மோன் மாத்திரை என்றாலே புற்றுநோய் என்று பயப்படுகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

கருவிழி

எனக்கும் அப்படியே இருந்தது தோழி, மூன்று நான்கு மாதம் வராது. பி.சி.ஓ.டி. என்றார்கள். எடை குறைத்து, தினமும் நடக்க ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது. பயப்படாதீர்கள், மாத்திரைக்கெல்லாம் அவசரப்பட வேண்டாம்.

ஆலமரம்

நான் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். கருவிழி, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் இது வேறு பிரச்சினை. பி.சி.ஓ.டி.யில் சினைப்பையில் முட்டைப்பைகள் நிறையவே இருக்கும், ஈஸ்ட்ரோஜனும் சுரக்கும், முட்டை வெளிவருவதுதான் தடைபடும். அதனால் எஃப்.எஸ்.எச். உயராது. வெண்பனிக்கு 61 வந்திருக்கிறது. மூளையடிச் சுரப்பி உரக்கக் கூப்பிட்டும் சினைப்பை பதில் சொல்லவில்லை என்பதுதான் அந்த எண்ணின் பொருள். எடை குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது.

புரொஜெஸ்ட்ரோன் மாத்திரைக்குக் கறை மட்டும் பட்டதும், பிறகு அதுவும் நின்றதும் ஒரு தடயம். கருப்பையின் உட்சுவரைக் கட்டி எழுப்புவது ஈஸ்ட்ரோஜன். அது இல்லாவிட்டால் உதிர்வதற்கு ஒன்றும் இருக்காது. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. பி.ஓ.ஐ. உள்ள பலருக்கு இந்த மாத்திரையால் நல்ல ரத்தப்போக்கே வருவதுண்டு. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. "மாத்திரை கொடுத்தால் வருகிறது, அப்போது பிரச்சினை இல்லை" என்று பத்து பத்து நாள் மாத்திரையிலேயே வருஷக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். அந்தக் காலமெல்லாம் எலும்பும் ரத்தக்குழாயும் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் கிடக்கின்றன.

திசைகாட்டி

எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு இது வந்ததால் அப்போது நிறைய வாசித்தேன். விதி என்னவென்றால் எஃப்.எஸ்.எச். 40க்கு மேல், ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை வர வேண்டும். உங்களுக்கு இரண்டாவது முறை 19. ஆகவே உங்களுக்கு பி.ஓ.ஐ. கிடையாது. இன்னொன்று, எச்.ஆர்.டி. என்கிற இந்த ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை எதுவானாலும் ஐந்து வருஷத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, மார்பகப் புற்றுநோய் வரும். 50 வயது வரை என்றால் 22 வருஷம். அந்த மருத்துவரை மாற்றுங்கள்.

ஆலமரம்

திசைகாட்டி, 40 என்ற வரம்பு பழையது. 2016இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலிலேயே அதை 25க்கு இறக்கிவிட்டார்கள். நாலு வார இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும் என்பது அப்போது இருந்தது. 2024 திருத்தத்தில் அதையும் தளர்த்தினார்கள். 40 வயதுக்கு உட்பட்டவருக்கு நான்கு மாதமாவது மாதவிடாய் நின்றோ தாறுமாறாகவோ இருந்து, எஃப்.எஸ்.எச். ஒரு முறை 25ஐத் தாண்டினாலே போதும். சந்தேகம் இருந்தால்தான் மறு பரிசோதனை. தேவைப்பட்டால் அதோடு, முட்டைப்பைகள் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஏ.எம்.எச்.சும் பார்க்கலாம். ஏ.எம்.எச். மட்டும் குறைந்திருந்து மாதவிடாய் ஒழுங்காக வருகிறவருக்கு இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது.

இரண்டாவது முறை குறைந்தது என்பதால் நோய் இல்லை என்றும் ஆகிவிடாது. இந்த நிலையில் சினைப்பை ஒரேயடியாக அணைந்துவிடுவதில்லை. மிஞ்சியிருக்கும் சில முட்டைப்பைகளில் ஒன்று திடீரென்று வளரும், ஈஸ்ட்ரோஜன் ஏறும், எஃப்.எஸ்.எச். இறங்கும், தானாக ரத்தப்போக்கு வரும். அப்புறம் மறுபடி மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. வெண்பனிக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். அன்றைக்கு ஸ்கேன் எடுத்தார்களா?

வெண்பனி

இல்லை டாக்டர், ரத்தம் மட்டும்தான் எடுத்தார்கள்.

சோதனைக்குழாய்

நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஒரு கேள்வி. இரண்டாவது ரத்தம் கொடுத்த சமயத்தில் முடி கொட்டுகிறது என்று ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா?

வெண்பனி

ஆமாம்! முடி ரொம்பக் கொட்டியதால் பயோட்டின் 10 மி.கி. தினமும் சாப்பிடுகிறேன். முதல் பரிசோதனைக்குப் பிறகுதான் ஆரம்பித்தேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சோதனைக்குழாய்

நிறையவே சம்பந்தம் உண்டு. பல ஹார்மோன் பரிசோதனைக் கருவிகள், பயோட்டின் ஒட்டிக்கொள்ளும் தன்மையை வைத்துத்தான் வேலை செய்கின்றன. ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் ஏராளமாக மிதந்தால் கருவி ஏமாந்துபோகும். எஃப்.எஸ்.எச். மாதிரி பெரிய மூலக்கூறுகளை அளக்கும் முறையில் எண் பொய்யாகக் குறையும். ஈஸ்ட்ரடயால் மாதிரி சின்ன மூலக்கூறுகளை அளக்கும் முறையில் பொய்யாகக் கூடும். உங்கள் அறிக்கையில் இரண்டும் அதே திசையில்தான் மாறியிருக்கின்றன. எல்லாக் கருவியும் இப்படி இல்லை, உங்கள் ஆய்வகத்தில் எந்த முறை என்று எனக்குத் தெரியாது. மாத்திரையை நிறுத்தி மூன்று நாலு நாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். கொடுக்கும்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று படிவத்தில் எழுதுங்கள். கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.

ஆலமரம்

நல்ல கேள்வி கேட்டீர்கள். இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன். கருத்தடை மாத்திரையோ வேறு ஹார்மோன் மாத்திரையோ ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் எஃப்.எஸ்.எச்.சையும் நம்ப முடியாது, அது அமுங்கியே இருக்கும். பல வருஷம் கருத்தடை மாத்திரையில் இருந்து, அதை நிறுத்திய பிறகுதான் சினைப்பை எப்போதோ ஓய்ந்திருந்தது தெரியவரும் பெண்கள் உண்டு.

ஆனாலும் ஒன்று. தானாக வந்த அந்த ரத்தப்போக்கைப் பயோட்டின் உண்டாக்கியிருக்க முடியாது. அதனால் சினைப்பை ஒரு முறை விழித்ததும் உண்மையாக இருக்கலாம்.

மாலைநிலா

வெண்பனி, உன்னைவிடச் சின்ன வயதில் எனக்கு இது தெரியவந்தது. இப்போது வயது 41. உன்னிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, காரணத்தைத் தேடாமல் விடாதே. எனக்குக் குரோமோசோம் சரியாக இருந்தது. எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணுவைப் பார்த்தபோது அதில் ஒரு துண்டு 82 முறை திரும்பத் திரும்ப வந்திருந்தது. 55 முதல் 200 வரை இருந்தால் முன்மாற்றம் என்கிறார்கள். அப்படி உள்ள பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு பி.ஓ.ஐ. வருமாம். அதோடு முடியவில்லை. அது அடுத்த தலைமுறைக்குப் போகும்போது நீண்டு 200ஐத் தாண்டிவிட்டால், பிறக்கிற குழந்தைக்கு அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் நோய் வரலாம். என் தங்கையும் பரிசோதித்தாள், அவளுக்கும் இருக்கிறது. அவள் குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே தெரிந்தது பெரிய விஷயம்.

இரண்டாவது, நான் நடுவில் சில வருஷம் எச்.ஆர்.டி.யை நிறுத்தினேன். "மாதவிடாய் வந்து என்ன ஆகப்போகிறது, எதற்கு ஹார்மோன்" என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள், எனக்கும் அலுத்துப்போயிருந்தது. உடம்புச் சூடு மெல்ல மெல்லக் குறைந்ததும், பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் எலும்பு அடர்த்தியைப் பார்க்க எடுத்த டெக்ஸா ஸ்கேனில், என் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டுச் சொல்கிற இசட் ஸ்கோர் முதுகெலும்பில் மைனஸ் 2.3. எலும்பு கரைவது வலிக்காது, யாருக்கும் தெரியாது. மறுபடி ஆரம்பித்துக் கொஞ்சம் மீண்டிருக்கிறது, முழுசாக மீளவில்லை.

திசைகாட்டி

25 பற்றி எனக்குத் தெரியாது, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புற்றுநோய்ப் பயம் வெறும் வதந்தி இல்லையே? 2002இல் அமெரிக்காவில் பெரிய ஆய்வையே பாதியில் நிறுத்தினார்களே?

ஆலமரம்

நிறுத்தியது உண்மைதான். ஆனால் அதில் சேர்ந்த பெண்கள் யார் என்று பாருங்கள். 50 முதல் 79 வயது வரை உள்ளவர்கள், சராசரி வயது 63. இயல்பாகவே மாதவிடாய் நின்று பல வருஷம் ஆனவர்களின் உடம்பில், அந்த வயதில் இருக்க வேண்டியதற்கு மேல் ஹார்மோன் சேர்த்துப் பார்த்தார்கள். கொடுத்ததும் வேறு மருந்து, குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் செயற்கை புரொஜெஸ்டினும்.

28 வயதுப் பெண்ணின் கணக்கு வேறு. அவள் வயதில் மற்ற பெண்களின் சினைப்பை தினமும் சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் இவளுக்குக் கிடைக்கவில்லை, அதைத்தான் திருப்பிக் கொடுக்கிறோம். தைராய்டு சுரக்காதவருக்குத் தைராக்சின் கொடுப்பதும் இதே கணக்குத்தான். இயல்பாக மாதவிடாய் நிற்கும் 50 வயதை ஒட்டி வரை இப்படிக் கொடுத்தால், அதே வயதில் சினைப்பை வேலை செய்யும் பெண்களைவிட மார்பகப் புற்றுநோய் கூடுவதாகத் தெரியவில்லை. கொடுக்காமல் விட்டால் எலும்புத் தேய்மானமும் இதய நோயும் முன்கூட்டியே வரும் ஆபத்துதான் கூடுகிறது. ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வந்தவருக்கு மட்டும் இது பொருந்தாது, அவருக்குத் தனியாக யோசிக்க வேண்டும். ஐந்து வருஷக் கணக்கு 50 தாண்டியவர்களுக்கு எழுந்த பேச்சு, அதை இங்கே கொண்டுவராதீர்கள். 50 வந்த பிறகு தொடரலாமா என்று உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

வெண்பனி

எல்லோருக்கும் நன்றி. பயோட்டினை நிறுத்திவிட்டு வேறு ஆய்வகத்தில் கொடுத்தேன். எஃப்.எஸ்.எச். 74, ஈஸ்ட்ரடயால் 20க்கும் கீழே, ஏ.எம்.எச். அளக்க முடியாத அளவுக்குக் குறைவு. குரோமோசோம் 46 எக்ஸ்எக்ஸ், எஃப்.எம்.ஆர்.1 இயல்பு. அட்ரீனல் சுரப்பிக்கு எதிரான ஆன்டிபாடி இல்லை, தைராய்டுக்கு எதிரானது இருக்கிறது, ஆனால் டி.எஸ்.எச். சரியாக இருக்கிறது. காரணம் தெரியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். இரண்டு மாதம் ஆகிறது. சூடு பாதிதான் குறைந்திருக்கிறது. புரொஜெஸ்ட்ரோன் 200 மி.கி. காலையில் சாப்பிட்டால் தலை சுற்றித் தூக்கம் தள்ளுகிறது. அதை விட்டுவிட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிடலாமா? இன்னொன்று, எஃப்.எஸ்.எச். மறுபடி பார்த்தேன், 48 இருக்கிறது. அப்போது மருந்து வேலை செய்யவில்லையா?

சோதனைக்குழாய்

அப்போது அந்த 19 பயோட்டினால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆலமரம்

எனக்கு இன்னும் அப்படிச் சொல்லத் தைரியம் வரவில்லை. ரத்தப்போக்கு வந்தது இருக்கிறதே. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம். எதுவானாலும் சிகிச்சை மாறப்போவதில்லை.

பெரும்பாலானவர்களுக்குக் காரணம் தெரியாமலேதான் போகிறது. தைராய்டு ஆன்டிபாடி இருப்பதால் டி.எஸ்.எச். வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். அட்ரீனல் ஆன்டிபாடி இருந்திருந்தால்தான் அதிகக் கவலை. அப்படிப்பட்டவர்களுக்குக் கார்டிசால் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வெண்பனி, புரொஜெஸ்ட்ரோனை விடவே கூடாது. கருப்பை இருக்கிறவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போய்க்கொண்டே இருந்தால் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். காலப்போக்கில் அதில் புற்றுநோய் வரலாம். புற்றுநோய்க்குப் பயந்து ஒரு மாத்திரையை நிறுத்தி, உண்மையிலேயே புற்றுநோய்க்கு வழிவிடுகிற காரியம் அது. தூக்கம் வருவது அந்த மருந்தின் இயல்பு. காலையில் வேண்டாம், படுக்கப் போகும்போது சாப்பிடுங்கள். ராத்திரி வியர்வையால் கெட்ட தூக்கத்துக்கும் அது உதவும்.

சூடு பாதிதான் குறைந்ததற்குக் காரணம் அளவு. 1 மி.கி.யில் ஆரம்பித்தது தவறில்லை. மார்பு வலி, குமட்டல் வராமல் மெதுவாக ஏற்றுவதற்காக அப்படிச் செய்வதுண்டு. அதிலேயே நின்றுவிட்டால்தான் தவறு. இளம் வயதுக்குப் பொதுவாக வாய்வழி ஈஸ்ட்ரடயால் குறைந்தது 2 மி.கி., தோலில் ஒட்டும் பட்டை என்றால் நாளுக்கு 100 மைக்ரோகிராம் விடுவது தேவைப்படும். 50 வயதுக்காரரின் வியர்வையை அடக்க 1 மி.கி. போதலாம். 28 வயதில் எலும்பைக் காக்க அது போதாது. அடுத்த முறை போகும்போது அளவைக் கூட்டுவது பற்றிக் கேளுங்கள். உங்கள் உடம்பைப் பார்க்காமல் நான் இங்கே எழுதித்தர முடியாது.

எஃப்.எஸ்.எச். 48 பற்றி: மருந்து எடுக்கும்போது அதைப் பார்க்கவே வேண்டாம். எஃப்.எஸ்.எச்.சை அடக்குவது ஈஸ்ட்ரோஜன் மட்டும் இல்லை. முட்டைப்பைகள் சுரக்கும் இன்ஹிபின் என்ற இன்னொரு ஹார்மோனும் வேண்டும். அது மாத்திரையில் இல்லை. அதனால் ஈஸ்ட்ரோஜன் போதுமான அளவு இருந்தாலும் எஃப்.எஸ்.எச். உயர்ந்தே நிற்கும். அதைத் துரத்திக்கொண்டு போனால் அளவுக்கு மீறி மருந்து சாப்பிடுவீர்கள். உங்கள் சூடு, தூக்கம், மூட்டு வலி, பிறப்புறுப்பு வறட்சி, டெக்ஸா முடிவு, இவற்றைப் பார்த்தால் போதும். டெக்ஸா எடுத்தீர்களா?

வெண்பனி

இன்னும் இல்லை, யாரும் சொல்லவே இல்லை. இப்போது மாதா மாதம் ரத்தப்போக்கு வருகிறதே, அப்போது சினைப்பை வேலை செய்ய ஆரம்பித்திருக்குமா?

மாலைநிலா

அது மாத்திரையின் வேலைதான் தங்கச்சி. நானும் முதல் வருஷம் அப்படித்தான் நம்பினேன். புரொஜெஸ்ட்ரோனை நிறுத்தியதும் உட்சுவர் உதிர்கிறது, அவ்வளவுதான்.

ஆலமரம்

மாலைநிலா சொன்னது சரி. ஆனால் கதவு முழுசாக மூடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பி.ஓ.ஐ. உள்ளவர்களில் 100க்கு 5 முதல் 10 பேர் வரை எந்தச் சிகிச்சையும் இல்லாமல் கருத்தரிக்கிறார்கள். எச்.ஆர்.டி. அதைத் தடுக்காது. மாத்திரை முடிந்தும் வழக்கமான நாளில் ரத்தப்போக்கு வராவிட்டால் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். குழந்தை வேண்டாம் என்று இருப்பவர்களும் எச்.ஆர்.டி.யைக் கருத்தடையாக நினைக்கக் கூடாது.

கருவிழி

அப்படியானால் குழந்தை வேண்டாதவர்களுக்குக் கருத்தடை மாத்திரையே போதுமே? அதிலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதே, ஒரே மாத்திரையில் வேலை முடியும்.

ஆலமரம்

சிலருக்குக் கொடுக்கிறோம். முக்கியமாகச் சின்ன வயதுப் பெண்கள், தோழிகளும் சாப்பிடுகிற மாத்திரை என்பதால் தயக்கமில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்தினால், அந்த ஏழு நாளும் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் இருக்காது. வருஷத்தில் மொத்தம் மூன்று மாதம் இப்படிப் போகும். எடுப்பதானால் இடைவெளி விடாமல் எடுக்க வேண்டும். எலும்பு அடர்த்திக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எச்.ஆர்.டி.யே மேல் என்றுதான் இதுவரை தெரிகிறது. கருத்தடையும் வேண்டும் என்றால், கருப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனமும் அதோடு ஈஸ்ட்ரடயால் பட்டையும் என் விருப்பம்.

திசைகாட்டி

சினைப்பைக்குள் ரத்தத் தட்டணு ஊசி போட்டால் மறுபடி முட்டை உருவாகிறது என்கிறார்களே? அவர் வயதுக்கு அதை முயற்சி செய்யலாமே?

ஆலமரம்

விளம்பரத்தில் சொல்கிறார்கள். ஊசி போட்ட பிறகு கருத்தரித்தவர்களில் எத்தனை பேர் போடாமலே கருத்தரித்திருப்பார்கள் என்று பிரித்துப் பார்க்கிற அளவுக்கு ஆதாரம் இல்லை. மேலே சொன்ன 5 முதல் 10 பேரை மறக்காதீர்கள். ஆய்வுக்கு வெளியே அதைச் செய்துகொள்ளச் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு நிரூபிக்கப்பட்ட வழி வேறொருவரின் கருமுட்டையில் செயற்கைக் கருத்தரிப்பு.

மாலைநிலா

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அந்த ஊசிக்குப் பிறகு கரு நின்றது டாக்டர். ஊசியால்தானா என்று எனக்கும் தெரியாது, ஆனால் நம்பிக்கையோடு இருக்கிறவளிடம் "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெண்பனி

கரு விஷயத்தை நானும் அவரும் இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். முதலில் என் உடம்பு சரியாகட்டும் என்கிறார்.

டெக்ஸா எடுத்தேன், இசட் ஸ்கோர் மைனஸ் 1.1. அளவையும் 2 மி.கி. ஆக்கினார்கள். இரண்டே வாரத்தில் ராத்திரி வியர்வை நின்றது. ஆனால் எனக்குப் பள்ளிக் காலத்திலிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு. அளவு கூடியதிலிருந்து வாரம் ஒரு முறை வருகிறது. வருவதற்கு முன் கண்ணுக்கு முன்னால் வளைவு வளைவாக ஒளி தெரியும். இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா?

ஆலமரம்

கட்டாயம், இந்த வாரமே சொல்லுங்கள். ஒளி தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு வாய்வழி மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பட்டையோ ஜெல்லோதான் நல்லது. வாய்வழியாகப் போவது முதலில் கல்லீரலைக் கடக்கிறது, அங்கே ரத்தம் உறையவைக்கும் புரதங்கள் கூடுகின்றன. பட்டையில் அது நடக்காது, ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவும் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்கும். இந்தக் காரணத்தாலேயே கருத்தடை மாத்திரையும் உங்களுக்கு வேண்டாம். 100 மைக்ரோகிராம் பட்டைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை மாற்றி ஒட்டுகிற வகை இருக்கிறது. இடுப்புக்குக் கீழே, ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றி ஒட்டுங்கள். மார்பில் ஒட்டக் கூடாது. புரொஜெஸ்ட்ரோன் முன்போலவே ராத்திரியில் தொடரட்டும். ரத்த அழுத்தம் வருஷத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள்.

வெண்பனி

நாளை மறுநாளுக்கு நேரம் கேட்டிருக்கிறேன். மூன்று அறிக்கைகளையும், நான் சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துப் போகிறேன், பயோட்டின் உட்பட. பட்டையில் தலைவலி குறைகிறதா என்று இங்கேயே எழுதுகிறேன்.